விளையாட்டுப் பீரியடுக்கு ஒரு பட அட்டவணை: ஆட்டிசம் உள்ள மாணவரை மைதானத்தில் சேர்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

வகுப்பறையில் யாரும் வாய்திறந்து சொல்லாமலே பிள்ளைகளுக்குப் பல விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. பெஞ்சைப் பார்த்தால் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். கரும்பலகையைப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். நோட்டில் ஐந்து கணக்கு முடிந்தால் வேலை முடிந்தது. மைதானத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வெட்டவெளி, நாற்பது பிள்ளைகளின் சத்தம், விசில், "எல்லாரும் லைன்ல நில்லுங்க" என்று தூரத்திலிருந்து ஒரு குரல். அந்த லைன் எது, எவ்வளவு நேரம் நிற்பது, அதற்குப் பிறகு என்ன என்பதை மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சிரமமாக இருப்பது பெரும்பாலும் அப்படிப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். அதனால்தான் வகுப்பில் அமைதியாக உட்காரும் மாணவன் மைதானத்துக்கு வந்ததும் கேட்டை நோக்கி ஓடுகிறான், அல்லது சுவரோரம் நின்று காதைப் பொத்திக்கொள்கிறான். "சொன்ன பேச்சு கேட்கல" என்று குறிப்பேட்டில் எழுதப்படுவதும் இதைத்தான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லரும் உடனிருந்தவர்களும் 1970களில் வளர்த்தெடுத்த டீச் முறை, எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளைக்கு நான்கு கேள்விகளுக்குக் கண்ணால் காணும் பதில் இருக்க வேண்டும் என்கிறது. என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்தது என்ன? மைதானத்தில் இந்த நான்குக்கும் படத்தாலும் பொருளாலும் பதில் வைக்கும் வேலையைத்தான் கீழே பார்க்கிறோம். எடுத்துக்காட்டாக 5ஆம் வகுப்பு மாணவன் ஒருவனை வைத்துக்கொள்வோம். வகுப்பில் 38 பேர், வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். அவன் சிறு சொற்றொடர்களில் பேசுவான், வாசிப்பு இன்னும் கைகூடவில்லை, ஓடப் பிடிக்கும், விசில் சத்தம் ஆகாது.

முதல் வேலை: பீரியடுக்கு மாறாத ஒரு எலும்புக்கூடு

அட்டை செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பீரியட் நாளுக்கு ஒரு மாதிரி நடந்தால் எந்த அட்டவணையும் பொய்யாகிவிடும். இரண்டு முறை பொய் சொன்ன அட்டையை அந்தப் பிள்ளை மூன்றாம் முறை நம்பாது.

40 நிமிடத்தை ஆறு பகுதியாகப் பிரியுங்கள். வந்து அவரவர் இடத்தில் நிற்க 5 நிமிடம், ஓட்டமும் உடற்பயிற்சியும் 7, திறன் பயிற்சி 10, ஆட்டம் 11, உடலைத் தளர்த்த 4, தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்ப 3. வரிசை என்றைக்கும் இதேதான். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறும், அதுவும் திறன் பயிற்சியிலும் ஆட்டத்திலும் மட்டும். தொடக்க உடற்பயிற்சி குறைந்தது இரண்டு மாதத்துக்கு அதே ஆறு அசைவுகள், அதே வரிசை, ஒவ்வொன்றும் பத்து எண்ணிக்கை என்று இருக்கட்டும். மற்ற பிள்ளைகளுக்குச் சலிக்காதா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்கள் காத்திருப்பது ஆட்டத்துக்காக. உடற்பயிற்சி மனப்பாடமாகிவிட்டால் அது சீக்கிரம் முடிந்து ஆட்டத்துக்குத்தான் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

அடுத்து, நிற்கும் இடம். "லைன்ல நில்" என்பதைவிட "நீலச் சக்கரத்துக்குள் நில்" என்பது தெளிவு. பழைய சைக்கிள் டயருக்கு நீலப் பெயின்ட் அடித்துப் போட்டால் போதும். வரிசையின் நடுவில் போடாமல் ஓரத்தில், முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ வையுங்கள். நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் தோள் உரசும். எல்லாருக்கும் தரையில் வட்டம் போட்டுவிட்டால் அவன் தனித்துத் தெரிய மாட்டான். கோடும் வட்டமும் போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். சில பிள்ளைகள் தரையில் இருப்பதைத் தொட்டு வாயில் வைப்பார்கள், கண்ணில் பட்டால் புண்ணாகும். அரிசி மாவுக் கோலப்பொடி நல்லது, மழையில் கரைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அட்டையும் பலகையும்

முதலில், எந்த வகைப் படம் அவனுக்குப் புரிகிறது என்று பாருங்கள். பந்து, வளையம், தண்ணீர்ப் பாட்டில் மூன்றையும் தரையில் வைத்து, வளையத்தின் புகைப்படத்தைக் கையில் கொடுத்து, எதுவும் பேசாமல் காத்திருங்கள். வளையத்தை எடுத்தானென்றால் புகைப்படம் போதும். படங்களை மாற்றி நான்கைந்து முறை பார்த்தும் எடுக்கவில்லை என்றால் பொருளையே அட்டையாக்க வேண்டும்: ஓட்டத்துக்கு ஒரு ரிப்பன் துண்டு, தண்ணீருக்குப் பாட்டில் மூடி. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படமே வேண்டாம், எழுதிய பட்டியல் போதும். பத்து வயதுக்கு மேல் குழந்தைப் படம் கொடுத்தால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். நம் மாணவனுக்குப் புகைப்படம் என்று வைத்துக்கொள்வோம்.

படத்தை உங்கள் மைதானத்திலேயே எடுங்கள். "ஓட்டம்" என்று இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் சிறுவன் அவனுக்கு ஒரு கார்ட்டூன் சிறுவன் மட்டுமே. ஓட்டம் தொடங்கும் வேப்பமரத்தடி, டயர், வளையங்கள் கிடக்கும் பாய், இவைதான் படத்தில் வர வேண்டும். பின்னணியில் ஆள், நாய், வண்டி எதுவும் வரக் கூடாது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளின் கண் நாம் நினைக்கும் இடத்தில் போய் நிற்பதில்லை. படத்தின் மூலையில் ஒரு ஸ்கூட்டர் இருந்தால் அந்த அட்டைக்கு அவனைப் பொறுத்தவரை "ஸ்கூட்டர்" என்றே பொருள். அட்டையைக் கொடுத்ததும் அவன் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போவான். அது தவறில்லை, அட்டை சொன்னதைத்தான் செய்தான்.

அட்டை 8 சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும். லேமினேட் செய்யும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். பளபளக்கும் உறை வெயிலில் கண்ணாடிபோல் மின்னும், நின்ற இடத்திலிருந்து படமே தெரியாது. பளபளப்பில்லாத உறை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பலகையை நிழலில் தொங்கவிட்டு, அவன் கண்மட்டத்தில் நின்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலகைக்குப் பரீட்சை அட்டை போதும். நீளவாக்கில் வெல்க்ரோ பட்டை ஒன்று, அதில் மேலிருந்து கீழாக ஆறு அட்டைகள். அடியில் வாய் அகன்ற ஒரு சிறு துணிப்பை, அதுதான் "முடிந்தது" பை. வெல்க்ரோவின் பின்புறப் பசை நம் ஊர் வெயிலில் இளகி, அட்டையை இழுத்தால் பட்டையும் சேர்ந்து வந்துவிடும். பட்டையின் இரு முனையிலும் ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். பலகையில் சொரசொரப்பான பக்கம், அட்டையின் பின்னால் மென்மையான பக்கம் என்று எப்போதும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். மாற்றி ஒட்டிய ஒரு அட்டை நட்டநடுப் பீரியடில் ஒட்டாமல் போனால் அன்றைய வரிசையே நின்றுவிடும்.

இதே ஆறு படங்களையும் பெரிதாக ஒரு சார்ட்டில் ஒட்டி வகுப்புக்கே பொதுவாக மாட்டுங்கள். பீரியட் தொடங்கும்போது எல்லாரும் அதைப் பார்க்கட்டும். அவனுடைய பலகை அதன் சிறிய பிரதி, அவ்வளவே.

"எவ்வளவு" என்பதைக் காட்டும் வழி

"மூணு ரவுண்டு ஓடு" என்றால் ஓடுவான். மூன்று முடிந்தது அவனுக்குத் தெரியாது. நான்காவதும் ஓடுவான், அல்லது முதல் சுற்றிலேயே நிற்பான். தொடங்கும் இடத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, மூன்று துணிக் கிளிப் மாட்டுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கிளிப்பை எடுத்து வாளியில் போட வேண்டும். கயிறு காலியானால் ஓட்டம் முடிந்தது. கிளிப்பைக் கழற்றும் அந்த ஒரு நொடி அவனுக்கு மூச்சு வாங்கவும் இடம் கொடுக்கிறது.

உருப்படியாக எண்ண முடியாத ஆட்ட நேரத்துக்கு 5, 4, 3, 2, 1 என்று ஐந்து எண் அட்டைகள் ஒட்டிய பட்டை உதவும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக நீங்கள் பிய்த்துக்கொண்டே வருவீர்கள். பீப் அடிக்கும் கடிகாரத்தைவிட இது நல்லது, ஏனென்றால் வேகம் உங்கள் கையில் இருக்கிறது. ஆட்டம் சூடாக இருந்தால் கடைசி எண்ணைக் கொஞ்சம் தாமதமாக எடுக்கலாம், அவன் தளர்ந்துவிட்டால் சீக்கிரம் எடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: "1" போன பிறகு ஆட்டத்தை நீட்டவே கூடாது.

அட்டவணையைப் பழக்குவது

பலகையைக் கொண்டுவந்து மாட்டினால் அவன் தானாகப் பார்ப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைப் பயன்படுத்துவதும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒரு திறன்தான். முதல் வாரம் மைதானம் காலியாக இருக்கும் நேரத்தில், மதிய இடைவேளையில் பத்து நிமிடம் போதும், மூன்று அட்டைகளுடன் தொடங்குங்கள்: நீல டயர், ஓட்டம், தண்ணீர். அவனுக்குப் பிடித்த ஓட்டம் நடுவில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறை இதுதான். அவன் பலகைக்கு வருகிறான். மேல் அட்டையை எடுக்கிறான். அதைக் கையில் பிடித்தபடி அந்த இடத்துக்குப் போகிறான். அங்கே கூம்பில் இதே படம் ஒட்டிய இன்னொரு அட்டை இருக்கும், அதன் கீழ் தன் அட்டையை ஒட்டுகிறான். வேலையைச் செய்கிறான். முடிந்ததும் அட்டையைக் கழற்றி வந்து துணிப்பையில் போட்டு, அடுத்ததைப் பார்க்கிறான். அட்டையைக் கையில் கொண்டுபோவது சும்மா இல்லை. முப்பது மீட்டர் நடப்பதற்குள் எங்கே போகிறோம் என்பது மறந்துபோகலாம், கையில் இருக்கும் படம் அதை நினைவூட்டும்.

உதவுபவர், அது சிறப்பாசிரியரோ உதவியாளரோ நீங்களோ, அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பேசக் கூடாது. முதலில் அவன் கையைப் பின்னாலிருந்து அட்டைக்குக் கொண்டுபோங்கள்; அப்படித் தொடப்போவது அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், உதறினால் உடனே கையை விட்டுவிட்டுச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில முறைக்குப் பிறகு முழங்கையை லேசாகத் தொடுவது போதும், அப்புறம் விரலால் சுட்டினால் போதும், அப்புறம் ஐந்து நொடி சும்மா காத்திருந்தால் போதும். "அட்டையைப் பாரு, அட்டையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்தக் குரலும் வரிசையில் ஒரு படியாகிவிடும். குரல் வரும்வரை அவன் நிற்பான். கையால் செய்த உதவியை மெல்லக் குறைத்துவிடலாம், வாயால் செய்த உதவியை எடுப்பது மிகக் கடினம்.

ஒரு தாளில் மேலே சொன்ன நடைமுறையின் ஆறு படிகளுக்கும் ஆறு கட்டம் போட்டு, தானாகச் செய்ததற்கு ஒரு டிக், உதவியோடு செய்ததற்கு ஒரு சுழி என்று குறியுங்கள். தொடர்ந்து மூன்று பீரியட் ஆறில் ஐந்து டிக் வந்தால் ஒரு படி மேலே போகலாம். இரண்டாம் வாரம் வகுப்போடு சேர்ந்து, ஆனால் அதே மூன்று அட்டைதான். பிறகு உடற்பயிற்சி, பிறகு திறன் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஆட்டத்தை முதலிலேயே சேர்த்தால் எல்லாமே கலைந்துவிடும்.

ஆட்டத்துக்குள் கொண்டுவருவது: கோ-கோ

அட்டை பார்த்து டயரில் நிற்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆட்டம் வந்ததும் அவனுக்குத் தனியாக ஒரு பந்தைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுகிறார்கள். அது சேர்த்துக்கொள்வது ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, கல்வியோடு விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தரச் சொல்கிறது.

கோ-கோவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய வசதியும் ஒரு பெரிய தொல்லையும் இருக்கின்றன. வசதி, உட்காரும் இடம் கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் வரிசையில் அவன் இடம் அவனுக்குத் தெரியும். தொல்லை, அடுத்தடுத்தவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்காருவதால் துரத்துபவர் எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து, தட்டி, "கோ" என்று கத்துவார். எதிர்பாராத தொடுதல், எதிர்பாராத சத்தம், பார்க்க முடியாத திசை, மூன்றும் ஒரே நொடியில். அதற்கு மேல் எழுந்தவுடன் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவனே முடிவெடுக்க வேண்டும்.

இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். அவனைத் தூணுக்கு அடுத்த கடைசிக் கட்டத்தில் உட்காரவையுங்கள். ஒரு பக்கத்தில் ஆள் இருக்காது. எல்லாருக்கும் பொதுவான மாற்று விதியாக, துரத்துபவர் முதுகைத் தட்டாமல், உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு மேலே முன்னால் தெரியும்படி ஒரு சிவப்புத் துணியை நீட்டி, சாதாரணக் குரலில் "கோ" சொல்லட்டும். துணியை வாங்கியவர்தான் அடுத்துத் துரத்துபவர். இதனால் "இப்போது யார் முறை" என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் கட்டத்துக்கு முன்னால், அவன் பார்த்திருக்கும் பக்கத்திலேயே, கோலப்பொடியால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அந்தத் திசையில் ஓடித் தூணைச் சுற்றினால் மறுபக்கம் வரலாம். நடுவரிசையைக் குறுக்கே கடக்கக் கூடாது என்ற விதியை வாயால் விளக்குவதைவிட அம்பு எளிது.

பழக்கும் வரிசையில் முதல் இரண்டு பீரியட் நான்கு பேர் மட்டும் உட்கார்ந்து, யாரையும் துரத்தாமல், துணி மட்டும் கைமாறட்டும். நடந்தே செய்யலாம். அடுத்த இரண்டில் ஒரே ஒருவர் ஓட, துரத்தல் சேரும். பிறகு எட்டுப் பேர். அவனுக்கு இந்த ஆட்டத்துக்கென்று ஒரு சிறு அட்டை: உட்கார், துணியை வாங்கு, அம்பு வழியே ஓடு, துணியைக் கொடு, உட்கார். ஐந்து படம்.

ஓடும் அணியில் இருக்கும்போது "அவுட்" என்பது பெரிய பிரச்சினை. சட்டென்று ஆட்டம் பறிபோன மாதிரி இருக்கும், அழுகை வரும். "அவுட்" என்பதற்கும் ஓர் அட்டை வைத்து, அதற்கு அடுத்துப் பாயில் உட்காருவது, அதற்கடுத்து மறுபடி ஆட்டம் என்று மூன்று படமாகக் காட்டுங்கள். அவுட் ஆவது ஆட்டத்தின் முடிவல்ல, அதில் ஒரு கட்டம் என்பது படத்தில் தெரிய வேண்டும். பாயில் உட்காரும் நேரத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவிடாதீர்கள்.

உடன் விளையாட இரண்டு மூன்று பிள்ளைகளை முறைமாற்றி வையுங்கள், ஒருவரே எப்போதும் என்றால் அவர் வராத நாளில் எல்லாம் நின்றுபோகும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டுதான்: கையைப் பிடித்து இழுக்காதே, அட்டையைக் காட்டு. காட்டிவிட்டு ஐந்து வரை மனசுக்குள் எண்ணு.

மாறும் நாளுக்கு ஓர் அட்டை

இத்தனை ஒழுங்கும் பழகிய பிறகு ஒரு நாள் மழை வரும். அல்லது சிறப்பு விருந்தினர் வருவார். அல்லது பாடம் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் பீரியடை வாங்கிக்கொள்வார். ஒழுங்கை மட்டும் பழக்கி மாற்றத்தைப் பழக்காமல் விட்டால் அன்றைக்கு நடப்பது மிக மோசமாக இருக்கும். அதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

மஞ்சள் நிறத்தில் பெரிய சுழல் அம்பு வரைந்த "மாற்றம்" அட்டை ஒன்று செய்யுங்கள். நான்காம் வாரம் முதல் நீங்களே வேண்டுமென்று சிறு மாற்றம் கொண்டுவாருங்கள், முதலில் அவனுக்குப் பிடித்த மாற்றமாக: உடலைத் தளர்த்துவதற்குப் பதில் இன்னொரு சுற்று ஓட்டம். பழைய அட்டையின் மேல் மஞ்சள் அட்டையை அவன் கண்முன் ஒட்டி, பக்கத்தில் புதிய அட்டையை வையுங்கள். மஞ்சள் என்றால் கெட்ட செய்தி என்று அவன் கற்றுக்கொள்ளாதபடி, முதல் நான்கைந்து முறை நல்ல செய்தியாகவே இருக்கட்டும். பிறகு இரண்டும் இல்லாத மாற்றம், கடைசியாகப் பிடிக்காத மாற்றம்.

பீரியடே ரத்து என்றால் அதைக் காலையிலேயே காட்ட வேண்டும். மைதானத்துக்குப் போகும் நேரத்தில் சொல்லக் கூடாது. அதோடு அடுத்த விளையாட்டுப் பீரியட் எந்த நாள் என்பதையும் வார அட்டையில் தொட்டுக் காட்டுங்கள். மழைநாளுக்கு வராந்தாவிலேயே செய்யக்கூடிய அதே ஆறு பகுதிகள் கொண்ட இன்னொரு தொகுப்புத் தயாராக இருக்கட்டும். ஓட்டத்துக்குப் பதில் நின்ற இடத்தில் குதிப்பு, கிளிப் கயிறு மட்டும் அதேதான்.

சத்தம், வெயில், ஓய்வு

விசிலை அவன் பக்கத்தில் ஊதாதீர்கள். கையை உயர்த்தி ஒரு கொடியைக் காட்டினால் எல்லாரும் நிற்க வேண்டும் என்று வகுப்புக்கே பழக்கலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும். தாகம், வெப்பம், வலி ஆகியவற்றை உணர்ந்து சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்கு வராது. ஆகவே "தாகம் எடுத்தா சொல்லு" என்று விடாமல், மதியப் பீரியடில் நடுவிலும் ஒரு தண்ணீர் அட்டை வையுங்கள். வலிப்பு உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்; ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். பீரியட் நேரத்தில் கேட் பூட்டியிருக்கட்டும்.

அவன் சட்டைப்பையில் "ஓய்வு" அட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் நிழலில் இருக்கும் பாய்க்கு அனுப்புங்கள், இரண்டு நிமிட மணல் கடிகாரம் கவிழ்த்து வையுங்கள். மணல் தீர்ந்ததும் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அடுத்த அட்டைக்கு அல்ல. அடுத்ததற்குப் போனால் ஓய்வு தப்பிக்கும் வழியாகிவிடும். ஓய்வு எந்த அட்டையின்போது கேட்கிறான் என்று தாளில் குறித்து வாருங்கள். எப்போதும் திறன் பயிற்சியின்போதுதான் என்றால் கோளாறு அவனிடம் இல்லை, அந்தப் பயிற்சி கடினமாக இருக்கிறது. வளையத்தை எறிந்து பிடிக்கும் தூரத்தை மூன்று மீட்டரிலிருந்து ஒரு மீட்டராக்குங்கள்.

அட்டவணை வேலை செய்யாமல் போவது எதனால்

அதைத் தண்டனைக்குப் பயன்படுத்துவதுதான் முதல் காரணம். "அடம்பிடிச்சா ஓட்டத்தை எடுத்துடுவேன்" என்று அட்டையைக் கழற்றிக் காட்டிய நாளிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்தாலே அவனுக்குப் பதற்றம் வரும். பலகையை விட்டு விலகிப்போகிறான், அட்டைகளைப் பிய்த்து எறிகிறான் என்றால் இப்படி ஏதாவது நடந்ததா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. மூன்று மாதத்தில் நன்றாகப் பழகிவிட்டான், பலகையைப் பார்ப்பதே இல்லை, "இனி தேவையில்லை" என்று எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பார்க்காமல் செய்கிறான் என்பது அடுத்த நிலைக்குப் போகலாம் என்பதற்கான அடையாளம். ஆறு படம் இருந்த இடத்தில் படத்தோடு சொல், பிறகு சட்டைப்பையில் மடித்து வைக்கும் எழுதிய பட்டியல் என்று வடிவத்தை மாற்றுங்கள், அட்டவணை இருக்கட்டும்.

ஜூனில் அவன் 6ஆம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போவான், அங்கே வேறு ஒரு பி.டி. சார் இருப்பார். பரீட்சை அட்டை, துணிப்பை, கிளிப்புகள், சிவப்புத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, டிக் குறித்த கடைசிப் பத்துத் தாள்களையும் வைத்து, ஏப்ரலிலேயே பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் புதிய மைதானத்துக்கு மே மாதம் ஒருமுறை அவர்கள் அவனை அழைத்துப்போய், அங்கே எடுத்த புதிய படங்களால் இடத்தைக் காட்டும் அட்டைகளை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். நீல டயரையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.